சிசர் ஜாக் மாடல்: திருகின் பிட்ச்சைக் குறைத்தால் சுற்றுவது எளிதாகுமா?

கேள்வி: மெக்கானிக்கல் டிசைன் வகுப்புக்கு ஒரு சிசர் ஜாக் மாடல் செய்திருக்கிறோம். ஒவ்வொரு ஆர்மும் பின்னுக்குப் பின் 120 மிமீ. திருகு 10 மிமீ மெட்ரிக் த்ரெட்டட் ராட், பிட்ச் 1.5 மிமீ. ஒரு பக்கம் நட், மறுபக்கம் வெறும் வாஷர். 100 கிலோ வைத்து, ஆர்ம் 20 டிகிரியில் இருக்கும்போது 150 மிமீ கைப்பிடியை ஸ்பிரிங் தராசால் இழுத்தால் 4.5 கிலோ காட்டுகிறது. கணக்கில் அரை கிலோகூட வரவில்லை. எங்கே தப்பு? 1 மிமீ பிட்ச் ராட் போட்டால் சரியாகுமா? செயல்திறன் எவ்வளவு என்று எழுதுவது?

பதில்:

உங்கள் கணக்கில் தப்பு இல்லை, பாதிதான் இருக்கிறது. உராய்வே இல்லாத ஜாக்குக்கு வரும் விடையை நீங்கள் நிஜ ஜாக்கோடு ஒப்பிடுகிறீர்கள். உங்கள் அளவீடு நம்பும்படியாகவே இருக்கிறது, செயல்திறன் 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும், அதுவும் இந்த அமைப்புக்கு இயல்பானதுதான். 1 மிமீ பிட்ச் ராட் மட்டும் வாங்காதீர்கள். ஏன் என்பதற்குத்தான் கீழே இவ்வளவு நீளம்.

முதலில் திருகின் மேல் என்ன விசை வருகிறது என்று பார்ப்போம். மேலே 100 கிலோ, வசதிக்காக 1000 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சுமை மேல் மூட்டிலிருந்து இரண்டு ஆர்ம் வழியாக அமுக்கமாக இறங்குகிறது. பக்கவாட்டு மூட்டில் மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் சேர்ந்து அந்த மூட்டை வெளியே தள்ளுகின்றன. அப்படி வெளியே போகாமல் இரண்டு மூட்டுகளையும் பிடித்துக்கொண்டிருப்பது திருகு. ஆர்ம் தரையோடு வைக்கும் கோணம் θ என்றால், பின்களின் சமநிலையை எழுதிப் பார்த்தால் வருவது இவ்வளவுதான்:

```
F = W / tanθ
h = 2·L·sinθ
```

இதில் F திருகின் இழுவிசை, W சுமை, L ஆர்மின் நீளம், h பின்களுக்கிடையே உயரம். கவனிக்க வேண்டியது, ஆர்மின் நீளம் F-இல் வரவே இல்லை. கோணம் மட்டும்தான். 20 டிகிரியில் திருகின் இழுவிசை 2747 நியூட்டன், அதாவது தூக்கும் சுமையைப் போல இரண்டே முக்கால் மடங்கு. 30 டிகிரியில் 1732. 45-இல் சுமையும் இழுவிசையும் சமம். 60-இல் 577 தான். கீழ்ப்பக்கம் போனால் நிலைமை மோசம்: 10 டிகிரியில் 5671, 5 டிகிரியில் 11,400-ஐத் தாண்டுகிறது. ஆகவே ஜாக் எவ்வளவு தாழ்வாக மடங்கும் என்று பெருமைப்படும் டிசைன் எல்லாம் அந்தத் தாழ்ந்த நிலையில் திருகைத்தான் வதைக்கிறது.

திருகு இழுவிசையில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல மாணவர் ரிப்போர்ட்டுகளில் திருகுக்கு பக்ளிங் கணக்குப் போட்டிருப்பார்கள், ஆய்லர் சூத்திரம் எல்லாம் வந்திருக்கும். பழைய ஸ்க்ரூ ஜாக் மாதிரி திருகே சுமையைத் தாங்கி நின்றால் அது வேண்டும். இங்கே இழுக்கப்படும் கம்பி பக்ளிங் ஆகாது. அந்தக் கவலை ஆர்ம்களுக்கு உரியது.

இப்போது டார்க். திருகு ஒரு சுற்று சுற்றினால் பக்கவாட்டு மூட்டுகள் ஒரு பிட்ச், 1.5 மிமீ, நெருங்கும். உராய்வே இல்லை என்றால் ஒரு சுற்றில் நீங்கள் செய்த வேலை, 2747 நியூட்டனை 1.5 மிமீ இழுத்த வேலைக்குச் சமம். அதை 2π-யால் வகுத்தால் 0.66 நியூட்டன் மீட்டர். 150 மிமீ கைப்பிடியில் அது 4.4 நியூட்டன், அரை கிலோவுக்கும் கீழே. நீங்கள் போட்ட கணக்கு இதுதான். ஆனால் தராசு காட்டிய 4.5 கிலோ என்பது 44 நியூட்டன், டார்க்காக 6.6 நியூட்டன் மீட்டர். பத்து மடங்கு. மீதி ஒன்பது பங்கு எங்கே போகிறது என்பதே உண்மையான கேள்வி.

திருகின் புரியை விரித்துப் பார்த்தால் அது ஒரு சாய்தளம். அதன் சாய்வு, பிட்ச்சை நடு விட்டத்தின் சுற்றளவால் வகுத்தது. உங்கள் ராடில் நடு விட்டம் ஏறத்தாழ 9.03 மிமீ, சுற்றளவு 28.4 மிமீ, சாய்வு 0.053, கோணமாக 3 டிகிரி. மிகவும் தட்டையான சாய்வு. இதன் மேல் உராய்வு சேர்கிறது. லேசாக எண்ணெய் தடவிய ஸ்டீல் மேல் ஸ்டீலுக்கு 0.15 என்று எடுத்துக்கொள்வது நியாயம். ஆனால் மெட்ரிக் புரி 60 டிகிரி வி வடிவம். அதன் சரிவான பக்கங்கள் ஒன்றை ஒன்று ஆப்பு மாதிரி இறுக்கும் என்பதால் 0.15-ஐ cos 30-ஆல் வகுக்க வேண்டும், 0.173 வரும். கோணமாக மாற்றினால் கிட்டத்தட்ட 10 டிகிரி.

அதாவது உங்கள் நட் ஏறிக்கொண்டிருப்பது 3 டிகிரி மேடு அல்ல, 13 டிகிரி மேடு. அதில் 3 டிகிரிதான் சுமையை நகர்த்துகிறது, மீதி 10 டிகிரி சூடாகப் போகிறது. பிட்ச்சை 1 மிமீ ஆக்கினால் அந்த 3 டிகிரி 2 ஆகும், அவ்வளவுதான். 10 அப்படியே இருக்கும். உங்கள் கேள்வியின் ஒரு பாதிக்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது, ஆனாலும் எண்களோடு பார்த்துவிடலாம்.

முழுச் சூத்திரம் இது. இரண்டு பகுதி இருக்கிறது, முதலாவது புரி, இரண்டாவது வாஷர்:

```
T = F·(dm/2)·(tanλ + μ')/(1 − μ'·tanλ) + F·μc·rc

tanλ = l / (π·dm)
μ'   = μ / cosα
```

இதில் l என்பது லீட், ஒரு சுற்றுக்கு நட் நகரும் தூரம், உங்கள் ராடில் பிட்ச்சும் அதுவும் ஒன்றே. dm நடு விட்டம், λ புரியின் சாய்வுக் கோணம், α புரிக்கோணத்தில் பாதி. μ புரியின் உராய்வுக் குணகம், μc வாஷருடையது. rc என்பது வாஷர் உரசும் வளையத்தின் சராசரி ஆரம். உங்கள் எண்களைப் போட்டால் புரிப்பகுதி 2.83 நியூட்டன் மீட்டர். இந்த 2.83-க்குள்தான் பயனுள்ள 0.66 இருக்கிறது. புரியின் செயல்திறன் மட்டும் 23 சதவீதம் என்று இதிலிருந்தே தெரிகிறது.

அடுத்தது பெரும்பாலோர் மறந்துவிடும் பகுதி. மறுபக்க மூட்டில் திருகின் தலை வாஷர் மேல் உட்கார்ந்து சுற்றுகிறது அல்லவா, அந்த வாஷர் மேலும் முழு 2747 நியூட்டன் அழுத்துகிறது. நட் பக்கம் என்ன விசையோ அதே விசை இங்கேயும். 10 மிமீ ராடுக்கான சாதாரண வாஷர் 20 மிமீ வெளிவிட்டம் இருக்கும், சராசரி ஆரம் 7.5 மிமீ என்று கொள்ளலாம். உராய்வு 0.15 என்றால் 3.09 நியூட்டன் மீட்டர். புரியைவிட வாஷர் அதிகம் சாப்பிடுகிறது! காரணம் எளிது, புரி 4.5 மிமீ ஆரத்தில் உரசுகிறது, வாஷர் 7.5 மிமீ ஆரத்தில் உரசுகிறது. இரண்டும் சேர்ந்து 5.92.

உங்கள் 6.6-க்கு இன்னும் 0.7 மிச்சம் இருக்கிறது. அதில் ஒரு துண்டு மூட்டுப் பின்களில். நான்கு ஆர்ம்களுக்கும் சேர்த்து எட்டு முனைகள், ஒவ்வொன்றும் 20 டிகிரியில் ஏறத்தாழ 1460 நியூட்டன் அமுக்கத்தோடு பின்னைச் சுற்றித் திரும்புகிறது. கேட்க பயமாக இருக்கும், ஆனால் ஒரு முழு ஏற்றத்துக்கே ஆர்ம் 40 டிகிரிதான் திரும்புகிறது, திருகோ 70 சுற்று சுற்றுகிறது. 8 மிமீ பின் என்று வைத்துக் கணக்கிட்டால் இது 3 சதவீதம்தான் கூட்டுகிறது, டார்க் 6.1 ஆகிறது. மீதி வித்தியாசம் உராய்வுக் குணகத்தில். 0.15-க்குப் பதில் 0.165 என்று போட்டுப் பாருங்கள், 6.65 வரும், உங்கள் அளவீட்டின் மேலேயே போய் உட்காரும். உராய்வுக் குணகம் அந்த அளவுக்கு முன்னே பின்னே இருப்பது சகஜம். புது ராட், எண்ணெய் சரியாகப் பரவாத நட், கொஞ்சம் கரடான வாஷர் என்றால் 0.165 என்பது அதிகமே இல்லை. ரிப்போர்ட்டில் உராய்வை 0.15 என்று முன்கூட்டியே எழுதிவிட்டு விடையைத் திணிக்காமல், அளவீட்டிலிருந்து 0.165 வருகிறது என்று எழுதினால் அது உங்கள் மாடலின் சொந்த எண்ணாக நிற்கும்.

சரி, பிட்ச்சுக்கு வருவோம். 10 மிமீ விட்டத்திலேயே 1 மிமீ பிட்ச் ஃபைன் த்ரெட் கிடைக்கும். அதைப் போட்டால் 0.15 உராய்வில் மொத்த டார்க் 5.92-இலிருந்து 5.77 ஆகிறது. இரண்டரை சதவீதம் குறைவு. தராசில் உங்களால் படிக்கவே முடியாத வித்தியாசம். ஆனால் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை ஏற்ற, மூட்டுகளின் இடைவெளி 225.5 மிமீயிலிருந்து 120 மிமீ ஆக வேண்டும், 105.5 மிமீ குறைய வேண்டும். 1.5 பிட்ச்சில் 70 சுற்று. 1 மிமீ பிட்ச்சில் 105 சுற்று. கைக்கு 2.5 சதவீதம் இலேசு, சுற்று 50 சதவீதம் கூடுதல். செயல்திறன் 11-இலிருந்து 7.6 சதவீதத்துக்கு விழும். ஆக மொத்தத்தில் நஷ்டம்.

எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள், சுவாரஸ்யமாக இருக்கும். அதே 10 மிமீ விட்டத்தில் 2 மிமீ பிட்ச் ட்ரெபிசாய்டல் திருகை எடுத்துக்கொள்வோம். அதன் புரிக்கோணம் 30 டிகிரி, பாதி 15. ஆகவே வி வடிவ ஆப்பு விளைவு குறைகிறது, 0.173 என்பது 0.155 ஆகிறது. சாய்வோ 0.053-இலிருந்து 0.071 ஆகக் கூடுகிறது. இரண்டையும் கூட்டினால் இரண்டு திருகுக்கும் 0.226 தான்! டார்க்கும் ஏறத்தாழ ஒன்றே, ஆனால் சுற்று 70-க்குப் பதில் 53. பிட்ச்சைக் கூட்டி, அதே கை வலுவில், குறைந்த சுற்றில் தூக்கிவிட்டோம். ஜாக்குகளில் சாதாரண மெட்ரிக் புரியைத் தவிர்த்து ட்ரெபிசாய்டல் அல்லது ஆக்மி புரி போடுவதற்கு இது முக்கியமான காரணம். தேய்மானம் தாங்குவது இன்னொன்று.

உங்கள் மாடலுக்கு நான் சொல்வது, திருகை இப்போதைக்குத் தொடாதீர்கள், வாஷரைத் தூக்கிவிட்டு ஒரு த்ரஸ்ட் பால் பேரிங் போடுங்கள். 51100 என்ற எண்ணில் 10 மிமீ துளை, 24 மிமீ வெளிவிட்டம், 9 மிமீ உயரத்தில் கிடைக்கும். அதன் உராய்வு வாஷரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கணக்குப்படி உங்கள் 6.6 என்பது 3.2-க்கு இறங்க வேண்டும், தராசு 4.5 கிலோவுக்குப் பதில் 2.2 கிலோவுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இது வெறும் முன்னேற்றம் மட்டும் இல்லை, நல்ல சோதனையும்கூட. வாஷரோடு ஒரு அளவீடு, பேரிங்கோடு ஒரு அளவீடு எடுத்துக் கழித்தால் வாஷர் எவ்வளவு தின்றது என்பது தனியாக வந்துவிடும், மிச்சம் புரியும் பின்களும். இரண்டிலிருந்தும் உராய்வுக் குணகம் கண்டுபிடியுங்கள். இரண்டு விடையும் ஒத்துவந்தால் கணக்கு சரி. ஒத்துவரவில்லை என்றால் எங்கோ இடிக்கிறது.

பேரிங் போடும்போது அதன் இரண்டு வளையங்களும் செங்குத்தான சமதளத்தில் உட்கார வேண்டும். பக்கவாட்டு மூட்டுத் துண்டில் துளை சாய்வாக இருந்தால் பந்துகளில் பாதிதான் சுமை தாங்கும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் கனமாகவும் எதிர் இடத்தில் லேசாகவும் தெரியும். வாஷரிலும் இந்தக் கோளாறு இருந்திருக்கும், ஆனால் அங்கே உராய்வே பெரிதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது வழி தொடக்கக் கோணம். 20-க்குப் பதில் 30 டிகிரியில் தொடங்கினால் திருகின் இழுவிசை 37 சதவீதம் குறைகிறது, அதனால் டார்க்கும் அப்படியே. விலை என்ன என்றால், பின்களுக்கிடையே குறைந்தபட்ச உயரம் 82 மிமீயிலிருந்து 120 மிமீ ஆகிவிடும், ஏற்றத்தில் 38 மிமீ போய்விடும். உங்கள் டிசைன் தேவையில் குறைந்தபட்ச உயரம் கண்டிப்பாக இல்லை என்றால் இதுதான் காசில்லாத வழி.

இங்கே ஒரு எச்சரிக்கை. செயல்திறனைக் கூட்டுகிறேன் என்று யாராவது 3டி பிரின்டரில் வரும் 8 மிமீ லீட் ஸ்க்ரூவைக் கொண்டுவருவார்கள். அதில் பிட்ச் 2 மிமீ, ஆனால் நான்கு தொடக்கம் உள்ள புரி, எனவே லீட் 8 மிமீ. சூத்திரத்தில் பிட்ச்சைப் போட்டால் விடை முழுக்கத் தப்பு, லீட்டைத்தான் போட வேண்டும். அதன் நடு விட்டம் 7 மிமீ, சாய்வு 0.36. உராய்வோ 0.155. சாய்வு உராய்வைத் தாண்டிவிட்டது, அதாவது சுமை தானாகவே திருகைத் திருப்பிவிட்டு இறங்கும். புரியின் செயல்திறன் 66 சதவீதம் என்று அழகாக வரும், கைப்பிடியை விட்டதும் 100 கிலோவும் கீழே வரும்.

இதில் ஒரு நுணுக்கமும் இருக்கிறது. அதே லீட் ஸ்க்ரூவை வாஷரோடு போட்டால் வாஷரின் உராய்வு பிரேக் மாதிரி பிடித்துக்கொள்ளும், இறங்காது. உடனே பாதுகாப்பானது என்று நினைத்துவிடுவீர்கள். பேரிங்குக்கு மாற்றிய கணத்தில் நழுவும். வாஷரில் எண்ணெய் ஊறினாலோ அதிர்வு வந்தாலோகூட அதே கதை ஆகலாம். ஆகவே தானாக இறங்காத தன்மையைப் புரியின் உராய்வை மட்டும் வைத்து நிரூபியுங்கள், வாஷரை நம்பாதீர்கள். உங்கள் ராடில் 0.173-க்கு எதிரே 0.053 தான், தாராளமாக நிற்கும். 2 மிமீ ட்ரெபிசாய்டலில் கிரீஸ் போட்டு உராய்வு 0.10-க்கு இறங்கினாலும் 0.104-க்கு எதிரே 0.071, நிற்கும், ஆனால் இடைவெளி குறுகிவிட்டது. கையாலேயே சோதிக்கலாம்: சுமையை இறக்கும்போதும் நீங்கள் டார்க் கொடுக்க வேண்டியிருந்தால் பூட்டு இருக்கிறது. உங்கள் இப்போதைய அமைப்பில் இறக்க 4.5 முதல் 5 நியூட்டன் மீட்டர் வரை கேட்கும். பேரிங் போட்ட பிறகு இதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள், சுமைக்கு அடியில் மரக்கட்டை வைத்துவிட்டு.

இந்தப் பூட்டும் தன்மை வேண்டும் என்றாலே புரியின் செயல்திறன் 50 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும், அது கணக்கிலேயே வரும் வரம்பு. ஜாக்கில் 23, 30 என்று வருவதைக் குறையாக எழுதாதீர்கள். அந்த நஷ்டம்தான் சுமையைப் பிடித்து நிறுத்துகிறது.

தூக்கும் விசை எவ்வளவு என்று ஒரே எண்ணாக எழுதச் சொன்னால், எந்தக் கோணத்தில் என்று சேர்த்து எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒருவர் கைப்பிடியில் 100 நியூட்டன், அதாவது 10 கிலோ அளவுக்கு இழுக்கிறார் என்று வைப்போம், 15 நியூட்டன் மீட்டர். வாஷர் அமைப்பில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2500 நியூட்டன் தூக்கும். 10 டிகிரியில் 1200 தான். 45-இல் 7000-க்குப் பக்கத்தில் வரும். ஆனால் அந்த 7000-ஐ நம்பிக் கிளம்பிவிடக் கூடாது, ஏனென்றால் அங்கே கைப்பலம் வரம்பு அல்ல, உலோகம் வரம்பு.

அதற்குத் திருகின் வலிமையைப் பார்க்க வேண்டும். 10 மிமீ மெட்ரிக் ராடின் இழுவிசைப் பரப்பு 58 சதுர மிமீ. உங்கள் 1000 நியூட்டன் சுமையில் 20 டிகிரியில் நேர் இழுவை அழுத்தம் 47 மெகாபாஸ்கல். இதோடு புரி டார்க் 2.83 ராடை முறுக்குகிறது, அதனால் 26 அல்லது 27 மெகாபாஸ்கல் வெட்டு அழுத்தம். வாஷரின் டார்க்கை இதில் சேர்க்க வேண்டாம், கைப்பிடி வாஷர் பக்கம் இருந்தால் அந்த டார்க் அங்கேயே மூட்டுக்குப் போய்விடும், இரண்டு மூட்டுகளுக்கும் நடுவிலுள்ள ராடுக்கு வராது. இரண்டையும் வான் மைசஸ் முறையில் சேர்த்தால் 66 மெகாபாஸ்கல். சாதாரண 4.6 தர ராடின் யீல்டு 240, ஆக பாதுகாப்புக் காரணி 3.6. நல்லது. அதே ராடில் 2500 நியூட்டன் வைத்தால் காரணி ஒன்றரைக்கும் கீழே இறங்கும். வகுப்பில் யாராவது ஆர்வத்தில் ஏறி நின்று குதித்தால் அது போதாது.

கடைசியாகச் செயல்திறனை எப்படி அளப்பது. இங்கேதான் நல்ல மாடல் செய்தவர்கள்கூட விசித்திரமான எண்களை எழுதுவார்கள். சூத்திரம் எளிதுதான், ஒரு சுற்றுக்கு Δh உயர்ந்தால்:

```
η = W·Δh / (2π·T)
```

சிக்கல் என்னவென்றால் Δh-உம் T-உம் இரண்டுமே கோணத்தோடு மாறிக்கொண்டே இருக்கின்றன. 20 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுக்கு 4.1 மிமீ உயரும், 60-இல் 0.87 மிமீ தான். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால் செயல்திறன் கிட்டத்தட்ட மாறாது, உங்களுக்கு எங்கே அளந்தாலும் 10 சதவீதம் வர வேண்டும். ஆனால் கீழே எடுத்த டார்க்கை 70 சுற்றுக்கும் பெருக்கி, மொத்த உயர்வான 126 மிமீயோடு ஒப்பிட்டால் 4.3 சதவீதம் என்று வரும். மேலே, 60 டிகிரியில் எடுத்த டார்க்கை வைத்து அதையே செய்தால் 20 சதவீதம் வரும். ஒரே ஜாக், ஒரே அளவீடுகள், ஐந்து மடங்கு வித்தியாசமான விடை. எனவே டார்க் எடுத்த அதே இடத்தில் அரைச் சுற்று முன்னும் அரைச் சுற்று பின்னும் உயரத்தை அளந்து அந்த Δh-ஐப் போடுங்கள். முழு ஏற்றத்துக்கும் வேண்டும் என்றால் ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை டார்க் எடுத்து, வரைபடத்தின் கீழ்ப்பரப்பைக் கூட்டுங்கள்.

தராசை எப்போதும் கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள், கைப்பிடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டும் எண்ணைப் படியுங்கள். அசையத் தொடங்கும் நொடியில் காட்டுவது நிலை உராய்வு, அது எப்போதும் அதிகமாகத் தெரியும். உங்கள் 4.5 எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. தொடக்க எண்ணாக இருந்தால், சுற்றும்போது 4-க்குப் பக்கத்தில் வந்து 0.15 உராய்வே சரியாகிவிடவும் வாய்ப்பு உண்டு.

அப்புறம் ஒரே கோணத்தில், 20 டிகிரி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 25, 50, 75, 100 கிலோ என்று சுமையை மாற்றி டார்க்கை அளந்து வரைபடம் போடுங்கள். சூத்திரத்தில் டார்க் சுமைக்கு நேர் விகிதம், ஆகவே கோடு பூஜ்யத்தின் வழியாகப் போக வேண்டும். மேலே எங்காவது வெட்டினால் அந்த வெட்டும் அளவு சுமையால் வந்த உராய்வு இல்லை, நட் கோணலாக இருப்பதாலோ, ராட் வளைந்திருப்பதாலோ, பின்களை ரிவெட் அடித்து இறுக்கிவிட்டதாலோ வருவது. சுமையே இல்லாமல் சுற்றும்போதும் அது இருக்கும். அதைக் கழித்துவிட்டு, கோட்டின் சாய்விலிருந்து உராய்வுக் குணகத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஒற்றை அளவீட்டிலிருந்து கண்டுபிடிப்பதைவிட நம்பகமானது.

கோடு நேராக இல்லாமல் மேல்நோக்கி வளைந்தால் வேறு பிரச்சினை. சுமை ஏற ஏற ஆர்ம் தட்டுகள் பக்கவாட்டில் சாய்ந்து ஒன்றோடொன்று உரசத் தொடங்கியிருக்கும், அல்லது மேல்தட்டு ஒரு பக்கம் சாய்ந்து இரண்டு பக்க ஆர்ம்களும் வேறு வேறு கோணத்தில் நிற்கும். மேலேயும் கீழேயும் ஆர்ம் முனைகளில் பல் வெட்டி ஒன்றோடு ஒன்று கோர்த்திருப்பதைக் கடையில் வாங்கும் ஜாக்குகளில் பார்த்திருப்பீர்கள், இரண்டு பக்கமும் சம கோணத்தில் நகரட்டும் என்பதற்குத்தான் அது. உங்கள் மாடலில் அந்தப் பற்கள் இல்லை என்றால், அளக்கும் ஒவ்வொரு முறையும் இடது வலது கோணம் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாதபோது மேலே கொடுத்த F சூத்திரமே பொருந்தாது.